தாய்மொழியில் படித்தால் இங்கிலீஷ் பிறகு எளிதாக வருமா? எது கைகொடுக்கிறது, எது கொடுப்பதில்லை

கூழாங்கல் | 2025 ஜூன் 4, காலை 7:10

முதல் ஐந்து வருடம் தாய்மொழியில் படித்த பிள்ளைக்கு இங்கிலீஷ் பின்னால் எளிதாக வரும் என்கிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. ஒரு மொழிக்குச் செலவான நேரம் இன்னொரு மொழியின் கணக்கில் எப்படி வரவாகும்? தமிழில் 247 எழுத்தையும் படித்து முடித்த பிள்ளை, இங்கிலீஷின் 26 எழுத்தை முதலிலிருந்துதான் தொடங்குகிறது. நீந்தத் தெரிந்தவனுக்கு சைக்கிள் தானாக வந்துவிடுமா? அரசியல் வேண்டாம். எது எப்படிக் கைமாறுகிறது என்று யாராவது விளக்க முடியுமா?

எழுத்தாணி | ஜூன் 4, காலை 9:32

கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. நீச்சல், சைக்கிள் உவமைதான் பொருந்தவில்லை. வாசிப்பு இரண்டு வேலைகள் சேர்ந்தது. கோட்டு வடிவத்தை ஒலியாக்குவது ஒன்று. அப்படி வந்த ஒலியைப் பொருளாக்குவது இன்னொன்று. முதல் வேலையின் அடிப்படை எந்த மொழியிலும் ஒன்றுதான்: பேச்சை ஒலிகளாக உடைக்கலாம், அந்த ஒலிகளுக்குக் குறிகள் உண்டு, குறிகளைச் சேர்த்தால் பேச்சு திரும்பி வரும். பிள்ளை இதை ஒரு முறை பிடித்தால் போதும். ஆனால் தனக்கு நன்றாகப் பேச வரும் மொழியில்தான் அதைச் சுலபமாகப் பிடிக்கும். ஏனென்றால் "ம-ர-ம்" என்று தட்டுத்தடுமாறிக் கூட்டினாலும் கடைசியில் "ஓ, மரம்!" என்று அது தெரிந்துகொள்ளும். தெரியாத மொழியில் கூட்டினால் கடைசியில் வருவது வெறும் சத்தம். சரியாக வாசித்தோமா என்று பிள்ளையால் தானே சோதிக்க முடியாது, ஆசிரியர் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். மனப்பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

ஆக, கைமாறுவது வாசிப்பின் சூட்சுமம். வாக்கியத்தின் நடுவில் நின்று "இது பொருந்தவில்லையே" என்று திரும்பிப் பார்க்கும் பழக்கமும் கைமாறும். ஆவியாதல் என்றால் என்ன என்று தமிழில் புரிந்தவனுக்கு இங்கிலீஷில் தேவைப்படுவது ஒரு பெயர் மட்டும்.

கைமாறாதவற்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷ் சொற்கள் கைமாறாது, அதன் எழுத்துக்கூட்டல் கைமாறாது, காதுக்குப் புதிய ஒலிகளும் கைமாறாது. இவற்றைத் தனியாகத்தான் கற்பிக்க வேண்டும். தமிழில் எத்தனை வருடம் படித்தாலும் இவை தாமாக வருவதில்லை.

நடைவண்டி | ஜூன் 4, காலை 11:05

இருமொழிக் கல்வி ஆய்வாளர் கம்மின்ஸ் எப்பவோ சொல்லிட்டார். ரெண்டு மொழியும் தண்ணிக்கு மேல தெரியிற ரெண்டு பனிப்பாறை முனை, அடியில பாறை ஒண்ணுதான். தாய்மொழியில அடிப்பாறை கெட்டியாயிட்டா இங்கிலீஷ் தானா மேல எழும்பும். அதனால நாலாம் வகுப்பு வரைக்கும் இங்கிலீஷ் பாடமே தேவையில்லைங்கறது என் கட்சி. அதுக்கு முன்னாடி சொல்லிக்கொடுத்தா குழப்பம்தான்.

எழுத்தாணி | ஜூன் 4, மதியம் 2:48

பாதி சரி. கம்மின்ஸ் 1981ல் அந்தக் கருத்தை விரித்து எழுதியபோது இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தே சொன்னார்: இரண்டாம் மொழியைப் போதுமான அளவு கேட்கவும் பயன்படுத்தவும் வாய்ப்பு வேண்டும், அதைக் கற்க விருப்பமும் வேண்டும். மேடையில் பேசுகிறவர்கள் பனிப்பாறையை எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். "தானா எழும்பும்" என்பது அவர் சொன்னதல்ல.

நிபந்தனையை விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா உதாரணம். அங்கே ஆப்பிரிக்கப் பிள்ளைகள் முதல் சில வகுப்புகளைத் தாய்மொழியில் படித்துவிட்டு ஒரே தாவலாக எல்லாப் பாடத்திலும் இங்கிலீஷுக்கு மாறினார்கள். கரோல் மெக்டொனால்ட் தலைமையிலான ஆய்வு 1990ல் வெளிவந்தது. மாறும் கட்டத்தில் பிள்ளைகளிடம் இருந்தது சுமார் 800 இங்கிலீஷ் சொற்கள், அடுத்த வகுப்புப் பாடநூல்கள் எதிர்பார்த்தது சுமார் 5000. இந்தப் பள்ளத்தை எந்தப் பனிப்பாறையும் நிரப்பாது. பிள்ளைகள் வரிகளை ஒப்பித்தார்கள், ஆசிரியர்கள் தேர்வுக்கான பதிலை எழுதிப்போட்டார்கள், பாடம் நின்றுபோனது. பழி மட்டும் தாய்மொழிக் கல்வி மேல் விழுந்தது.

அதனால் "நாலாம் வகுப்பு வரை இங்கிலீஷே வேண்டாம்" என்பதை நான் ஏற்கவில்லை. கற்பிக்கும் மொழி வேறு, ஒரு பாடமாகக் கற்கும் மொழி வேறு. முதல் வகுப்பிலிருந்தே தினம் அரைமணி நேரம், எழுத்தே இல்லாமல் வாய்மொழியாக இங்கிலீஷ் இருக்கலாம்: பாட்டு, கட்டளை, பொருளைக் காட்டிக் கேட்பது. இதனால் குழப்பம் வராது. குழப்பம் வருவது வேறொரு இடத்தில். இரண்டு எழுத்து முறையையும் ஒரே மாதத்தில் தொடங்கி, இரண்டிலுமே வேகம் வராத நிலையில் பிள்ளையை விட்டுவிடுகிறார்களே, அங்கே.

நடைவண்டி | ஜூன் 4, மாலை 6:20

நிபந்தனை விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கறேன். ஆனா தினம் அரைமணி வாய்மொழி இங்கிலீஷ்னா அதைச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியருக்கு இங்கிலீஷ் பேச வரணுமே?

எழுத்தாணி | ஜூன் 4, மாலை 6:41

வரணும். நைஜீரியாவில் இஃபே திட்டம் 1970ல் தொடங்கியது. ஆறு வருடத் தொடக்கக் கல்வி முழுக்கப் பிள்ளைகளின் தாய்மொழியான யொரூபாவில் நடந்தது, இங்கிலீஷ் ஒரு பாடம். அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் தனி ஆசிரியர் போட்டார்கள். அந்தப் பிள்ளைகள் வழக்கமான வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் பின்தங்கவில்லை. இதைச் சொல்கிறவர்கள் தனி ஆசிரியர் இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தாழ்வாரம் | ஜூன் 5, காலை 8:15

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகள் மூன்றாம் வகுப்பு, தமிழ் வழி. இங்கிலீஷ் பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறாள், ஆனால் புதுப் பக்கத்தைத் திறந்தால் ஒரு வரி வரவில்லை. இங்கிலீஷ் வழிக்கு மாற்றிவிடலாமா? எந்தப் பள்ளி என்று கேட்கவில்லை, பொதுவாகச் சொல்லுங்கள்.

எழுத்தாணி | ஜூன் 5, காலை 10:02

இது பள்ளியை மாற்றும் கேள்வி இல்லைங்க. எங்கே அடைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் கேள்வி. "கடகட" என்பது பெரும்பாலும் மனப்பாடம். வீட்டிலேயே இருபது நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

முதலில், அவள் பார்த்திராத இங்கிலீஷ் பத்தி ஒன்று, ஐந்தாறு சிறு வாக்கியங்கள். படம் இருந்தால் மூடிவிடுங்கள். புத்தகத்தைக் காட்டாமல் நீங்களே மெதுவாக இரண்டு முறை வாசித்துவிட்டு, என்ன நடந்தது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். இங்கிலீஷில் பதில் கேட்காதீர்கள். கேட்டால் அவளுக்குப் புரிந்ததும் பேச வராததும் கலந்துவிடும்.

அடுத்து, அதே அளவுள்ள வேறொரு பத்தியை அவளே வாசிக்கட்டும். கூடவே பொருளே இல்லாத, நீங்களாகச் செய்த மூன்றெழுத்து இங்கிலீஷ் சொற்கள் ஏழெட்டு எழுதிக் கொடுங்கள். பழகிய சொல்லின் உருவத்தைப் பார்த்து ஊகிக்க அங்கே வழியில்லை. எழுத்தை ஒலியாக்கத் தெரிகிறதா என்பது அதில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

கடைசியாக, அவள் பார்த்திராத தமிழ்ப் பத்தி ஒன்று. நிமிடத்துக்கு 60 சொல் வருகிறதா, வாசித்த கதையைச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

தமிழும் திக்கினால் சூட்சுமமே இன்னும் பிடிபடவில்லை. அப்போது தமிழ் வாசிப்பைச் சரிசெய்வதுதான் இங்கிலீஷுக்கும் குறுக்கு வழி. தமிழ் ஓடுகிறது, இங்கிலீஷ் கேட்டால் புரிகிறது, வாசிக்கத்தான் வரவில்லை என்றால் எழுத்து-ஒலிப் பயிற்சி போதும். கேட்டாலே புரியவில்லை என்றால் சொற்கள் இல்லை. அந்த நிலையில் இங்கிலீஷ் வழிக்கு மாற்றினால் கணக்கையும் அறிவியலையும் சேர்த்து இழப்பாள்.

மின்மினி | ஜூன் 5, மதியம் 1:30

எழுத்தாணி, அந்த 60 சொல் கணக்கு தவறு. அது இங்கிலீஷுக்கான அளவுகோல். "பார்த்துக்கொண்டிருந்தான்" தமிழில் ஒரே சொல், இங்கிலீஷில் அதையே சொல்ல மூன்று சொல் வேண்டும். தமிழில் நிமிடத்துக்கு 60 வேண்டுமென்றால் நன்றாக வாசிக்கும் பிள்ளையையும் மெதுவானவள் என்று முத்திரை குத்திவிடுவோம். நான் எழுத்துகளை எண்ணுவேன். அதைவிட, சொல்லைச் சொல்லாக எடுக்கிறாளா, எழுத்தெழுத்தாகக் கூட்டுகிறாளா என்பதைத்தான் காது கொடுத்துக் கேட்பேன்.

இன்னொன்று. பிள்ளை "சென்றான்" என்று அச்சிட்டிருப்பதை "போனான்" என்று வாசித்தால் பல வகுப்பறைகளில் தவறு என்று திருத்துகிறார்கள். அது தவறு அல்ல, பொருள் உள்ளே போய்விட்டதற்கான அடையாளம். கண் ஒரு சொல்லைப் பார்க்கிறது, மனம் அதைத் தன் பேச்சில் திருப்பித் தருகிறது. "தாய்மொழி" என்று சொல்லிக்கொண்டு நாம் கொடுப்பது எழுத்துத்தமிழ், பிள்ளை கொண்டுவருவது பேச்சுத்தமிழ். முதல் வருடத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே பாலம் போடாவிட்டால் தாய்மொழிக் கல்வியின் ஆதாயத்தில் பெரும்பகுதி அங்கேயே கசிந்துவிடும்.

எழுத்தாணி | ஜூன் 5, மதியம் 2:10

மின்மினி சொல்வது சரி, 60ஐ விட்டுவிடுங்கள். தாழ்வாரம், தமிழுக்கு வேகத்தை எண்ணாமல் கதையைச் சொல்கிறாளா என்பதை மட்டும் பாருங்கள்.

கூழாங்கல் | ஜூன் 5, இரவு 9:47

சூட்சுமம் கைமாறும் என்பது புரிகிறது. ஆனால் கண்ணெதிரே தெரிவது வேறு. இங்கிலீஷ் வழியில் தொடங்கிய பிள்ளைகள்தான் பின்னால் இங்கிலீஷில் முன்னால் நிற்கிறார்கள். கனடாவில் 1965ல் செயின்ட் லாம்பெர்ட்டில் இங்கிலீஷ் பேசும் பிள்ளைகளை மழலையர் வகுப்பிலேயே பிரெஞ்சுக்குள் முக்கினார்கள். அவர்களுக்குப் பிரெஞ்சும் வந்தது, இங்கிலீஷும் கெடவில்லை. இதற்கு என்ன பதில்?

எழுத்தாணி | ஜூன் 6, காலை 7:55

முதலில் கனடா. அந்தப் பிள்ளைகளின் வீட்டு மொழி இங்கிலீஷ். வீடு, தெரு, தொலைக்காட்சி, வேலைச் சந்தை எல்லாமே அதைத் தாங்கிப் பிடித்தன. பெற்றோர் தாமாகக் கேட்டு நடத்திய வகுப்பு அது. சில வருடத்தில் பள்ளியே இங்கிலீஷ் வாசிப்பையும் உள்ளே கொண்டுவந்தது. ஆசிரியருக்கும் பிள்ளைகளின் மொழி புரிந்தது, பிள்ளை இங்கிலீஷில் கேட்டால் பதில் வந்தது. வீட்டில் புத்தகம் இல்லாத, ஆசிரியரே தடுமாறும் மொழியில் உட்கார வைத்த பிள்ளைக்கு இந்த உதாரணம் பொருந்தாது. முக்கினால் நீந்தும், ஆனால் கரையில் ஆள் வேண்டும்.

இரண்டாவது, கண்ணெதிரே தெரிவது. இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் டெய்லரும் வான் ஃபின்டெலும் 2016ல் வெளியிட்ட தென்னாப்பிரிக்க ஆய்வு. சும்மா ஒப்பிட்டால் அங்கேயும் நீங்கள் சொன்னதுதான் தெரியும்: முதல் வகுப்பிலிருந்து இங்கிலீஷில் படித்தவர்கள் மேலே. ஆனால் இங்கிலீஷில் தொடங்கும் பள்ளிகள் வசதியான பள்ளிகள். மொழியின் விளைவையும் வசதியின் விளைவையும் எப்படிப் பிரிப்பது? அவர்கள் கண்ட வழி எளிமையானது. சில பள்ளிகள் நடுவில் தொடக்க வகுப்புகளின் மொழியை மாற்றியிருந்தன. அதே பள்ளி, கிட்டத்தட்ட அதே ஊர், அதே பெற்றோர், வருடம் மட்டும் வேறு. அப்படி ஒரே பள்ளிக்குள் ஒப்பிட்டபோது கணக்கு தலைகீழானது. முதல் மூன்று வகுப்பைத் தாய்மொழியில் படித்த அணிகள் 4, 5, 6ஆம் வகுப்பு இங்கிலீஷ் தேர்வில் மேலே வந்தன. கவனியுங்கள், நான் சொல்வது இங்கிலீஷ் தேர்வை.

அந்த விளைவு பெரிதல்ல. ஆசிரியர் திறமையும் பள்ளி நிர்வாகமும் மொழியைவிடப் பெரிய காரணங்கள் என்று அவர்களே எழுதினார்கள். இதை மறைத்தால் நானும் பனிப்பாறைப் பேச்சாளர்களில் ஒருவனாகிவிடுவேன்.

கூழாங்கல் | ஜூன் 6, மதியம் 12:20

ஒரே பள்ளிக்குள் ஒப்பிட்டது நல்ல வேலை, அதை ஏற்கிறேன். ஆனால் நானும் தேடினேன். கென்யாவில் ஒரே வாசிப்புத் திட்டத்தைச் சில பள்ளிகளில் தாய்மொழி வாசிப்பும் சேர்த்து நடத்தினார்கள், சிலவற்றில் அது இல்லாமல் நடத்தினார்கள். பைப்பரும் மற்றவர்களும் 2018ல் எழுதியது: தாய்மொழியைச் சேர்த்ததால் இங்கிலீஷுக்கோ சுவாஹிலிக்கோ கூடுதல் ஆதாயம் இல்லை. இதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

எழுத்தாணி | ஜூன் 6, மாலை 5:33

அதே கணக்கில்தான், ஒதுக்க மாட்டேன். அங்கே தாய்மொழி வாசிப்பு தெளிவாக முன்னேறியது, ஆனால் அந்த முன்னேற்றம் இங்கிலீஷுக்கு நகரவில்லை. இரண்டு விதமாகப் படிக்கலாம். காலம் போதவில்லை என்பது ஒன்று: வாசிப்பு ஓட்டம் பெறுவதற்கு முன்பே அளந்தால் கைமாற எதுவும் இருக்காது. மற்றொன்று, ஒப்பிட்ட பள்ளிகளிலும் நல்ல புத்தகமும் ஆசிரியர் பயிற்சியும் இருந்தன. நல்ல கற்பித்தல் இருக்கும் இடத்தில் மொழியின் தனி விளைவு சிறுக்கிறது போலிருக்கிறது. எனக்கு இரண்டாவதில்தான் சாய்வு. முடிவாகச் சொல்ல மாட்டேன்.

நடைவண்டி | ஜூன் 6, மாலை 7:12

தாமதமாத் தொடங்கினா நஷ்டமாங்கறதுக்கு பார்சிலோனா ஆய்வு இருக்கே. கார்மென் முன்யோஸ் குழு, 8 வயசுல இங்கிலீஷ் தொடங்கினவங்களையும் 11 வயசுல தொடங்கினவங்களையும் 200, 416, 726 மணி நேரப் பாடத்துக்கு அப்புறம் அளந்தாங்க. ஒரே மணி நேரக் கணக்குல பெரியவங்கதான் முன்னாடி நின்னாங்க. இந்தத் தடவை எழுதுறதுக்கு முன்னாடி சரிபார்த்துட்டேன்.

எழுத்தாணி | ஜூன் 6, மாலை 7:40

ஆம், இதுதான் கூழாங்கல்லின் "செலவான நேரம்" கேள்விக்கு மிக நேரான பதில். வாரத்துக்குச் சில மணி நேரம் மட்டுமே மொழி காதில் விழும் வகுப்பறையில் சின்ன வயது என்பது தனி வரமில்லை. ஏற்கனவே வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு மணி நேரத்திலும் அதிகம் அள்ளுகிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கனவே இரண்டு மொழி தெரியும், அதையும் மனதில் வையுங்கள்.

மின்மினி | ஜூன் 7, காலை 6:50

கைமாறாதது என்று எழுத்தாணி சொன்ன இடத்தில்தான் தினமும் என் வகுப்பு நிற்கிறது. அதை எழுதுகிறேன்.

இங்கிலீஷ் சொல்லுக்கு மேலே தமிழில் உச்சரிப்பு எழுதிக்கொள்ளும் வழக்கம் எங்கும் உண்டு. "பெரிய" என்ற பொருளுக்கான சொல், "பன்றி"க்கான சொல், "பொறுக்கு" என்பதற்கான சொல், மூன்றையும் எழுதுங்கள் பார்ப்போம். மூன்றும் "பிக்". பிள்ளை அதற்குப் பிறகு இங்கிலீஷ் எழுத்தைப் பார்ப்பதே இல்லை, மேலே இருக்கும் தமிழைத்தான் வாசிக்கிறது. பரீட்சையில் அந்தத் தமிழ் இருக்காது.

நான் வேறு பக்கத்திலிருந்து போகிறேன். "பாம்பு" என்று சொல்லச் சொல்வேன். தொண்டையில் விரலை வைத்து முதல் ப, இரண்டாவது ப இரண்டையும் மெதுவாகச் சொல்லிப் பார்க்கச் சொல்வேன். முதல் ப தொண்டையில் அதிராது, மகரத்துக்குப் பின் வரும் ப அதிரும். இரண்டு ஒலியும் அவர்கள் வாயில் ஏற்கனவே இருக்கின்றன, தமிழுக்கு இரண்டு எழுத்து தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அடுத்து "தந்தை", "கங்கு". இது புரிந்த பிறகு இங்கிலீஷ் இவற்றுக்குத் தனித்தனி எழுத்து வைத்திருக்கிறது என்று சொன்னால், "அது அந்த அதிரும் ப" என்று பிள்ளைகளே பிரிக்கிறார்கள்.

ஒலியை உடைக்கவும் தமிழே போதும். "கண்" என்பது கண்ணுக்கு இரண்டு எழுத்து, காதுக்கு மூன்று ஒலி: க், அ, ண். க் எடுத்து ம் வைத்தால் "மண்". கடைசி ண் எடுத்து ல் வைத்தால் "கல்". தினம் பத்து நிமிடம், எழுதாமல் வாயால் மட்டும். உயிர்மெய் அட்டவணையைப் பாட்டாக ஒப்பித்த பிள்ளைகளுக்கு இது ஆரம்பத்தில் வராது. க் என்பதும் அ என்பதும் சேர்ந்தே க ஆனது என்று புரிந்தவர்களுக்குச் சில நாளில் வந்துவிடும். இங்கிலீஷ் வாசிப்புக்குத் தேவையான உடைப்பு இதுவேதான்.

உயிரொலிகளில் மட்டும் இந்த வித்தை பலிப்பதில்லை. எழுதும் பேனாவையும் வாணலியையும் குறிக்கும் இரண்டு சொற்களின் நடு ஒலி தமிழ்க் காதுக்கு ஒன்றாகவே விழுகிறது. அதற்குத் திரும்பத் திரும்பக் கேட்பதைத் தவிர எனக்கு வழி தெரியவில்லை.

கூழாங்கல் | ஜூன் 7, காலை 10:26

247 எழுத்து வீண் என்ற பொருளில் தொடங்கினேன். க் + அ உதாரணத்துக்குப் பிறகு அதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் எத்தனை வருடம் என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. மூன்றா, ஐந்தா, எட்டா?

எழுத்தாணி | ஜூன் 7, மதியம் 12:05

வருடத்தை வைத்து முடிவு செய்வதே தவறு என்று நினைக்கிறேன். மாறப்போகும் பாடநூலில் ஒரு பக்கத்தை எடுங்கள். பிள்ளைக்குத் தெரியாத சொற்களுக்குக் கீழே கோடிடச் சொல்லுங்கள். வரிக்கு ஒரு கோடு விழுந்தால் இன்னும் நேரம் வரவில்லை. பக்கத்துக்கு நான்கைந்து என்றால் மாறலாம். ஒரே நாளில் எல்லாப் பாடமும் மாற வேண்டாம். கணக்கில் குறியீடும் எண்ணும் கைகொடுக்கும், அதை முதலில் மாற்றலாம். வரலாறு முழுக்க வாக்கியம், அது கடைசியில் வரட்டும்.

மின்மினி | ஜூன் 7, மதியம் 1:15

கணக்கை முதலில் மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. வாக்கியக் கணக்கில் "விட எவ்வளவு அதிகம்", "மீதி எவ்வளவு" போன்ற சிறு சொற்கள்தான் பிள்ளையைக் கவிழ்க்கின்றன. எண் தெரியும், எதைச் செய்வது என்று தெரியாது. செய்துகாட்டும் அறிவியல் பாடத்தை முதலில் மாற்றலாம், பொருள் கையில் இருக்கும்.

எழுத்தாணி | ஜூன் 7, மதியம் 1:52

யோசிக்க வேண்டிய மறுப்பு. வெறும் கூட்டல் கழித்தலை நினைத்து எழுதிவிட்டேன். வாக்கியக் கணக்குக்கு நீங்கள் சொல்வது பொருந்தும்.

தாழ்வாரம் | ஜூன் 8, இரவு 8:40

செய்து பார்த்தேன். தமிழ்ப் பத்தியை வாசித்துக் கதையை முழுதாகச் சொன்னாள், நடுவில் இரண்டு இடத்தில் பேச்சுத்தமிழுக்கு மாற்றினாள். பொருளில்லாத சொற்கள் எட்டில் ஆறு சரி. இங்கிலீஷ் பத்தியை நான் வாசித்தபோது ஆறு வாக்கியத்தில் ஒன்றுதான் புரிந்தது, அதுவும் நாய் என்ற சொல்லை வைத்து.

எழுத்தாணி | ஜூன் 8, இரவு 9:15

அப்படியானால் எழுத்து-ஒலி அவளுக்கு வந்துவிட்டது. குறைவது சொற்கள் மட்டும். எழுத்துக்கூட்டல் பயிற்சிப் புத்தகம் எதுவும் வாங்காதீர்கள். ஒரு சிறு படக்கதையைத் தேர்ந்தெடுங்கள். முதல் நாள் கதையைத் தமிழில் சொல்லிவிடுங்கள். அடுத்த நாள் அதே பக்கங்களை இங்கிலீஷில், படத்தைச் சுட்டிச் சுட்டி வாசியுங்கள். மூன்றாம் நாள் நீங்கள் வாசிக்கும்போது அவள் படத்தைத் தொட்டுக்காட்டட்டும். நான்காம் நாள் அவளே வாசிக்கட்டும். வாரத்துக்கு ஒரு கதை, கதைக்கு எட்டுப் பத்துப் புதுச் சொல்லுக்கு மேல் வேண்டாம். பழைய கதையை மூன்று வாரம் கழித்து மறுபடி எடுங்கள், அப்போதும் நிற்கும் சொற்களை மட்டும் எண்ணுங்கள்.

தாழ்வாரம் | ஜூன் 8, இரவு 9:31

எனக்கே இங்கிலீஷ் உச்சரிப்பு அவ்வளவு சரியாக வராதே?

மின்மினி | ஜூன் 8, இரவு 9:50

கதைக்கு ஒலிப்பதிவு இருந்தால் அதை ஓடவிட்டு நீங்கள் படத்தைச் சுட்டுங்கள். இல்லாவிட்டால் உங்கள் உச்சரிப்பிலேயே வாசியுங்கள். இப்போது அவளுக்குத் தேவை பொருள் தெரிந்த சொற்கள். பேனா, வாணலிச் சண்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.